சித்தப்பா இல்லாத பக்கம்

‘நான் விரும்பும் தலைவர்’ என்று ஆறாம் வகுப்பிலிருந்தே கட்டுரை எழுதிப் பழகிய பிள்ளைகள் நம்முடையவர்கள். முன்னுரை, பிறப்பும் இளமையும், கல்வி, தொண்டு, முடிவுரை என்று உட்தலைப்புப் போட்டு, அடிக்கோடிட்டு எழுதினால் மதிப்பெண் விழும். அந்தக் கட்டுரையில் எழுதுகிற பிள்ளைக்கு இடமே கிடையாது. கடைசி வரியில் ‘அவர் வழி நடப்போம்’ என்று பன்மையில் ஒளிந்துகொண்டு வருவதோடு சரி. பிளஸ் டூ முடிக்கும் நேரத்தில் ஒரு கல்லூரி விண்ணப்பம் ‘உன்னைப் பாதித்த ஒருவரைப் பற்றி எழுது’ என்று கேட்டால், கை தானாக அந்தப் பழைய அச்சிலேயே ஓடுகிறது.

வண்டலூரில் என் வீட்டு முன்னறையில் மாலை நேரங்களில் இந்தக் கட்டுரைகளோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கொளப்பாக்கம், ஊரப்பாக்கம், மண்ணிவாக்கம் பக்கத்துப் பிள்ளைகள் வருவார்கள். சிலர் இங்குள்ள தனியார் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிப்பவர்கள். முழு உதவித்தொகையை நம்பி அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பவர்களும் ஒன்றிரண்டு பேர் உண்டு. எந்த வேலையையும்விட இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. பதினேழு வயதில் ஒரு பிள்ளை தன்னைத்தானே கூர்ந்து பார்ப்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்கக் கிடைப்பது இதில்தான்.

அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கும் சேர்த்து ஒரே படிவமாக நிரப்பும் ‘காமன் ஆப்’ விண்ணப்பத்தில் இந்தத் தலைப்பு வெகுகாலம் நேராகவே இருந்தது: உன்மீது பெரிய தாக்கம் செலுத்திய ஒருவரைக் குறிப்பிட்டு, அந்தத் தாக்கத்தை விவரி. 2013இல் தலைப்புகளை மாற்றியபோது அதை எடுத்துவிட்டார்கள். 2021இல் வேறு உருவத்தில் திரும்பி வந்தது: யாரோ ஒருவர் உனக்குச் செய்த காரியம் எதிர்பாராத விதத்தில் உன்னை மகிழ்வித்திருந்தால் அதைச் சொல், அந்த நன்றியுணர்வு உன்னை எப்படி மாற்றியது, எதைச் செய்யத் தூண்டியது என்றும் சொல். கேள்வியின் இரண்டாம் பாதியைப் பாருங்கள். பழைய தலைப்பிலும் அது இருந்தது, ‘தாக்கத்தை விவரி’ என்ற ஒட்டாக. எழுதியவர்கள் முதல் பாதியோடு நின்றுவிட்டார்கள். இப்போது அதையே முழுக் கேள்வியாக நீட்டிக் கேட்கிறார்கள்.

இந்தக் கட்டுரைக்கு உச்சவரம்பு 650 சொல். படிக்கிறவர் முன்னால் நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள் இருக்கும். அவர் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: இந்தப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வதா, வேண்டாமா. 500 சொல்லில் தாத்தாவின் தியாகத்தை எழுதினால் படிப்பவருக்குத் தாத்தாமேல் மரியாதை வரும். தாத்தாவைக் கல்லூரியில் சேர்க்க முடியாதே.

இந்த வகை எழுத்துக்குத் தமிழில் எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த பாடம் உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திர’த்தில் இருக்கிறது. வருகிற பிள்ளைகளிடம் அந்தப் பகுதியைக் கொடுத்துப் படிக்கச் சொல்வேன். 1880 அக்டோபர் 21 அன்று கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் சந்திக்கிற இடம். முதலியார் அரியலூரிலிருந்து மாற்றலாகி வந்திருந்த முன்சீப். உ.வே.சா.வுக்கு அப்போது 25 வயது. அந்த ஆண்டுதான் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்திருந்தது. யாரிடம் பாடம் கேட்டீர்கள் என்ற கேள்விக்கு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பெயரைச் சொல்கிறார். வேறு யாராவது என்றால் அந்தப் பெயருக்கே முகம் மலர்ந்திருக்கும். முதலியாரிடம் அசைவில்லை. என்ன படித்தீர்கள் என்கிறார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம் என்று இவர் அடுக்கிக்கொண்டே போகிறார். எதற்கும் அவர் மசியவில்லை. கடைசியில், இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்கள் ஏதாவது படித்ததுண்டா, சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் என்று விசாரிக்கிறார். இவர் படித்ததில்லை. புத்தகம் கிடைத்தால் படிக்கத் தயார் என்கிறார்.

இந்த அத்தியாயத்தில் முதலியாரைப் பற்றி நமக்கு நினைவில் நிற்பது மிகக் கொஞ்சம்: அசராத ஒரு முகம், அடுத்தடுத்து வரும் கேள்விகள். அவ்வளவு போதும். தமிழ் இலக்கியத்தின் போக்கையே திருப்பிவிட்ட மனிதர் அவர். உ.வே.சா. நினைத்திருந்தால் அந்த இடத்தில் முதலியாரின் புகழைப் பக்கம் பக்கமாகப் பாடியிருக்கலாம். அவர் அங்கே நமக்குக் காட்டுவது, இத்தனை படித்தும் இன்னும் எதுவோ மிச்சம் இருக்கிறது என்று புரிந்துபோன ஓர் இளைஞரின் மனத்தை. பிறகு கதை முழுக்க அவர் செய்த வேலையாக விரிகிறது. சிந்தாமணிப் பிரதியை வாங்கிப் படிக்கிறார், பிடிபடவில்லை. நச்சினார்க்கினியர் உரையோடு மல்லுக்கட்டுகிறார். இது சமணக் காப்பியம், சமண மரபு தெரியாமல் நகராது என்று கண்டு கும்பகோணத்துச் சமணர் வீடுகளைத் தேடிப் போகிறார். ஏடுகளைத் திரட்டி ஒப்பிடுகிறார். 1887இல் சிந்தாமணி அச்சாகிறது. கேட்ட கேள்வி ஒரு பொழுதில் முடிந்துவிட்டது. இவர் அதற்குப் பதில் சொல்ல ஏழு வருடம் ஆகியிருக்கிறது. முதலியாரின் தாக்கம் எவ்வளவு பெரியது என்பதற்கு அந்த ஏழு வருட உழைப்பே அளவு.

நம் பிள்ளைகள் எழுதுகிற முதல் வரைவில் இந்தப் பங்கீடு அப்படியே தலைகீழாக இருக்கும். ஒரு மாணவியின் கட்டுரையை எடுத்துக்கொள்கிறேன், பெயர் வேண்டாம். அவளுடைய சித்தப்பா இங்கே அண்ணா உயிரியல் பூங்காவில் விலங்குகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர், கீப்பர். எங்கள் ஊரில் யாரும் முழுப் பெயரைச் சொல்வதில்லை, ஜூ என்றால் போதும். 1985இல் நகரத்துக்குள்ளிருந்து இங்கே வந்த பிறகு, ஜூவில் வேலை செய்கிறவர்கள் குடும்பத்தில் ஒருவராவது இருப்பது இந்தப் பக்கத்தில் சாதாரணம். அவளுடைய முதல் வரைவில் ஒரு பத்தி இப்படி இருந்தது:

“என் சித்தப்பா அதிகாலை எழுந்து பணிக்குச் செல்வார். மழை, வெயில் பாராமல் உழைப்பார். வாயில்லா ஜீவன்களைத் தன் பிள்ளைகளைப் போல நேசிப்பார். புயலில் மரங்கள் சாய்ந்த நாளிலும் விடுப்பு எடுக்காமல் சென்றார். அவருடைய அர்ப்பணிப்பைக் கண்டு நான் வியந்தேன். அவரைப் போலவே நானும் கடின உழைப்பாளியாக வேண்டும் என்று உறுதி பூண்டேன்.”

தமிழில் முதல் வரைவு எழுதச் சொல்வதில் எனக்கு ஒரு வசதி உண்டு. யாரைப் பற்றிய கட்டுரை என்பதை நம் வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும். ஒரு சிவப்புப் பென்சில், ஒரு நீலப் பென்சில் கொடுப்பேன். ‘ஆர்’ என்று முடிகிற வினைக்குச் சிவப்பு வட்டம், ‘ஏன்’ என்று முடிகிறதற்கு நீல வட்டம். மேலே உள்ள பத்தியில் சிவப்பு நான்கு, நீலம் இரண்டு. கட்டுரை முழுவதும் போட்டு முடித்தபோது முதல் பக்கம் மொத்தமும் சிவந்திருந்தது. ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் வாக்கியத்தின் எழுவாயைப் பார்த்து இதையே செய்யலாம்.

வட்டம் போடுவதோடு நிறுத்தினால் ஏமாந்துவிடுவோம். நீல வட்டங்களைத் திரும்ப ஒருமுறை படிக்க வேண்டும். வியந்தேன், உறுதி பூண்டேன் என்று அவள் எழுதிய இரண்டும் மனத்துக்குள் நடந்தவை. நெகிழ்ந்தேன், உணர்ந்தேன், கற்றுக்கொண்டேன் என்று பிள்ளைகள் நீலத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். எண்ணிக்கை சரியாக வரும், ஆனால் எல்லாமே சித்தப்பாவைப் பார்த்துக் கைதட்டுகிற வினைகள். ஆகவே இரண்டாவது சுற்றில், கையும் காலும் வாயும் செய்த வினை எது என்று கேட்பேன்: போனேன், எண்ணினேன், கேட்டேன், அழித்து எழுதினேன், மறுத்தேன். அந்த மாதிரி வினை அவள் கட்டுரையில் ஒன்றுகூட இல்லை.

“உங்க சித்தப்பா என்ன செய்வாரு, நல்லவருன்னு சொல்லாம, செய்யறதை மட்டும் சொல்லு” என்றேன்.

“காலையில போய் ஷெட்டைப் பெருக்குவாரு மிஸ்.”

“போனதும் பெருக்குவாரா?”

கொஞ்ச நேரம் யோசித்தாள். “இல்ல மிஸ். பெருக்கறதுக்கு முன்னாடி பார்ப்பாரு. ராத்திரி போட்ட தழையில என்ன மிச்சம் இருக்குன்னு பார்ப்பாரு. சாணியைப் பார்ப்பாரு. தண்டை விட்டுட்டு இலையைத் தின்னிருந்தா சரி, இலையே மிச்சம் இருந்தா டாக்டர்கிட்ட சொல்லணும்னு சொல்வாரு. பெருக்கிட்டா ஒண்ணும் தெரியாது, அதனால பார்க்காம துடைப்பத்தை எடுக்காதேன்னு வீட்டுலயும் சொல்லிட்டே இருப்பாரு.”

அதுவரை அவள் எழுதிய எதிலும் இது இல்லை. அர்ப்பணிப்பு, உழைப்பு, நேசம் எல்லாம் எந்தச் சித்தப்பாவுக்கும் பொருந்தும். பெருக்குவதற்கு முன் மிச்சத்தைப் பார்ப்பது இந்தச் சித்தப்பாவின் பழக்கம். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கை மாறுவது இப்படிப்பட்ட சின்னப் பழக்கம்தான். ‘அர்ப்பணிப்பு’ மாதிரிப் பெரிய குணத்தை அப்படியே தூக்கி இன்னொருவர் கையில் கொடுக்க முடியாது. அதனால் கட்டுரைக்கு முதலில் தேடித்தர வேண்டியது, அந்த மனிதர் வழக்கமாகச் செய்கிற, வேறு யாரும் அவ்வளவாகச் செய்யாத ஒரு காரியம்.

அடுத்து நான் கேட்டதுதான் இந்த வேலையில் முக்கியமான கேள்வி என்று நம்புகிறேன். “இதையே நீ எங்கே செஞ்சே? ஜூவுக்கு வெளியே, அவர் பக்கத்துல இல்லாதப்போ?” ஒருவர் நம்மைப் பாதித்தாரா என்பது அவர் இல்லாத இடத்தில்தான் தெரியும். அவர் கூடவே இருக்கும்போது நாம் செய்வது கீழ்ப்படிதலாகவும் இருக்கலாம். அவருக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில், அவர் கற்பனைகூடச் செய்யாத ஒரு காரியத்துக்கு அந்தப் பழக்கம் பயன்பட்டிருந்தால் அது நம்முடையதாகிவிட்டது என்று அர்த்தம். உ.வே.சா. ஏடு தேடிப் போன வீடுகளில் முதலியார் கூட வரவில்லை.

அவளுக்கு இதற்குப் பதில் உடனே வரவில்லை. இங்கே அவசரப்படக் கூடாது. ‘யோசித்துவிட்டு வா’ என்று அனுப்பிவிடுவேன். பக்கத்தில் உட்கார்ந்து தூண்டினால் எனக்குப் பிடித்த பதிலைத்தான் பிள்ளை சொல்லும். அடுத்த முறை வந்தபோது சத்துணவைப் பற்றிச் சொன்னாள். ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது சாப்பாட்டு வேளையில் சின்ன வகுப்புகளைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு அவளுக்கு. மிச்சம் கொட்டுகிற வாளியை எட்டிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. வாரத்தில் ஒரு நாள் மட்டும் ஆறாம் வகுப்பின் வாளியில் சாதம் நிறைய விழுந்தது. முட்டை விழவில்லை, சாதம் மட்டும். அன்றைக்குப் போடுகிற சாதம் பிடிக்கவில்லை போல என்று நினைத்தாள். அதே சாதத்தை மற்ற வகுப்புகள் தின்று தீர்த்திருந்தன. பிறகு கவனித்தாள்: அன்றைக்கு அவர்களுக்குச் சாப்பாட்டுக்கு முந்தைய பீரியட் விளையாட்டு. கை கால் கழுவக் குழாயடியில் நின்று, கடைசியாக வந்து உட்கார்ந்து, மணி அடிப்பதற்குள் முட்டையை மட்டும் தின்றுவிட்டு ஓடுகிறார்கள். வகுப்பு ஆசிரியையிடம் சொன்னாள். அடுத்த மாதம் விளையாட்டு பீரியட் வேறு நேரத்துக்குப் போனது. வாளி இளைத்தது.

இதை அவள் ஒரு சாதனையாகவே நினைத்திருக்கவில்லை. விண்ணப்பத்தில் பள்ளிக்கு வெளியேயும் உள்ளேயும் செய்தவற்றைப் பட்டியலிட 10 இடம் தருகிறார்கள், ஒவ்வொன்றுக்கும் 150 எழுத்து. அதில் கபடியும் பேச்சுப் போட்டியும் போட்டிருந்தாள், இது இல்லை. பட்டியலில் ஏறாத இந்த விஷயம்தான் கட்டுரைக்கு உரியது. அவள் எப்படிப் பார்க்கிறாள், முதலில் தோன்றிய காரணத்தோடு நிற்காமல் எப்படி அடுத்ததைத் தேடுகிறாள் என்பதைக் கபடிக் கோப்பை சொல்லாது.

திருத்திய வரைவில் சித்தப்பாவுக்கு முதல் 120 சொல் கொடுத்தோம். ஷெட், தழை, அவர் சொல்கிற அந்த ஒரு வாக்கியம், அவ்வளவே. புயல் நாள் போயிற்று, மழை வெயில் போயிற்று. நடுப்பகுதி இப்படித் திரும்பியது:

“வாளியைப் பார்த்தேன். சாதம் இருந்தது, முட்டை இல்லை. பிடிக்காத சாதம் என்று நோட்டில் எழுதினேன். ஏழாம் வகுப்பின் வாளியையும் பார்த்தேன், அது காலி. எழுதியதை அடித்தேன். மறு வாரம் வாளியிடம் நிற்காமல் குழாயடியில் நின்றேன்.”

‘எழுதியதை அடித்தேன்’ என்ற வாக்கியத்தில் அவள் முழுதாக இருக்கிறாள் என்று எனக்குப் பட்டது. சித்தப்பா சொல்லிக்கொடுத்தது மிச்சத்தைப் பார்க்க. வாளியை விட்டுக் குழாயடிக்கு நகர்ந்தது அவளாகச் செய்தது. கற்றுக்கொடுத்ததற்கு மேலே ஓரடி எடுத்து வைத்த இடம் கட்டுரையில் கட்டாயம் இருக்க வேண்டும், ஏனென்றால் கல்லூரிக்கு வந்தால் இந்தப் பெண் என்ன செய்வாள் என்பதற்கு அங்கேதான் தடயம் கிடைக்கிறது.

ஒரு கேள்வியும் மிச்சமிருந்தது, அதை அவளே கொண்டுவந்தாள். வாளியில் சாதம் விழாத வகுப்பில் எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டார்களா, அல்லது சிலர் குறைவாகவே வாங்கிக்கொண்டார்களா? வாளி அதைச் சொல்லாதே. அதையும் எழுதச் சொன்னேன். ‘அதன்பின் சாப்பாட்டுப் பிரச்சினை முற்றிலும் தீர்ந்தது’ என்று முடிக்கிற கட்டுரையைவிட, தன் முறை எங்கே குருடு என்று தெரிந்து வைத்திருக்கிற கட்டுரை பல மடங்கு நம்பத் தகுந்தது. புள்ளியியல் படிக்க விரும்புகிறாள் என்பதும் அந்த இடத்திலிருந்து இயல்பாக வந்தது, தனியாக அறிவிக்க வேண்டியிருக்கவில்லை.

அப்துல் கலாமைப் பற்றி எழுதலாமா என்று வருடா வருடம் கேட்கிறார்கள். எழுதலாம் என்றுதான் சொல்வேன், ஆனால் அது கடினம். நாம் நேரில் பழகிய ஒருவரிடம்தான் பெருக்குவதற்கு முன் பார்க்கிற மாதிரியான பழக்கத்தைக் கண்ணால் பார்த்திருப்போம். கலாமைப் பற்றி நமக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரிந்தது. கலாமே ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் தன்னைப் பாதித்தவர்களாகச் சொல்வது பெரும்பாலும் அருகில் இருந்தவர்களைத்தான்: தந்தை, மைத்துனர் ஜலாலுதீன், இராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியில் அய்யாதுரை சாலமன். கலாமை எடுக்கிற பிள்ளையிடம் ஒரு சோதனை வைக்கிறேன். கட்டுரையின் மேலே உன் பெயரை அடித்துவிட்டுப் பக்கத்து பெஞ்சுப் பிள்ளையின் பெயரை எழுது. அப்போதும் கட்டுரை பொய்யாகவில்லை என்றால் அதில் நீ இல்லை.

எதிர்ப் பக்கம் சாய்கிறவர்களும் உண்டு. கட்டுரை உன்னைப் பற்றித்தான் இருக்க வேண்டும் என்று சொன்னதும், அடுத்த வரைவில் அந்த மனிதரையே காணாமல் அடித்துவிடுவார்கள். ‘என் பாட்டி எனக்கு ஊக்கம் தந்தார்’ என்ற ஒரே வரி, பிறகு பதக்கங்கள். இது முந்தையதைவிட மோசம். பாட்டி ஏணியாக மட்டும் நிற்கிறார். நன்றி கெட்ட தொனி வந்துவிடுகிறது. தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது: அந்த மனிதர் வரும் பகுதியை விரலால் மறைத்துவிட்டு மீதியைப் படியுங்கள். ஒன்றும் குறையவில்லை என்றால் அவர் அங்கே வெறும் பெயர். சத்துணவுக் கட்டுரையில் அந்த 120 சொல்லை மறைத்தால், ஒரு பெண் எதற்காக வாளியை எட்டிப் பார்த்தாள் என்பதே புரியாது. 650 சொல்லில் கால் பங்குக்கு மேல் அவருக்குப் போகக் கூடாது என்பது என் கணக்கு. ஆனால் அந்தக் கால் பங்கு இல்லாமல் முக்கால் பங்கு நிற்கக் கூடாது.

இறந்துபோனவர்களைப் பற்றிய கட்டுரைகளில் இந்தக் கணக்கைக் கறாராகச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அப்பாவை இழந்த பையனிடம் ‘இங்கே அப்பா அதிகம், குறை’ என்று பென்சிலை நீட்ட முடியுமா? அப்படிப்பட்டவர்களை முதலில் அப்பாவைப் பற்றி மட்டும், சொல் கணக்கே இல்லாமல் எழுதச் சொல்கிறேன். அதை நான் திருத்துவதில்லை. எழுதி முடித்த பிறகு, இன்னொரு தாளில் விண்ணப்பத்துக்கான கட்டுரையைத் தொடங்குவோம். முதல் தாளில் எல்லாம் சொல்லியாகிவிட்டதால் இரண்டாவதில் குறைத்துச் சொல்வது துரோகமாகத் தோன்றுவதில்லை.

இதிலும் உ.வே.சா.தான் எனக்கு வழிகாட்டி. மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பற்றி அவருக்குச் சொல்ல இருந்தது தன் வரலாற்றுக்குள் அடங்குகிற அளவில்லை. ஆசிரியருக்கென்றே இரண்டு பாகமாக ஒரு வரலாறு எழுதி 1933, 1934இல் வெளியிட்டார். ‘என் சரித்திரம்’ ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கியது அதற்குப் பிறகு, 1940இல். அதிலும் பிள்ளையவர்கள் நிறைய வருகிறார், ஆனால் பாடம் கேட்க ஏங்கித் திரிந்த ஒரு மாணவனின் கண்ணுக்குத் தெரிந்தவராக வருகிறார். ஜூ சித்தப்பாவின் புயல் நாளையும் அப்படித் தனியாக எழுதிவிடு என்றேன் அவளிடம். எழுதினாள். விண்ணப்பக் கட்டுரையைவிட அது நீளம். பள்ளி ஆண்டு மலருக்குக் கொடுத்திருக்கிறாள், படத்தோடு.